127 டிகிரி எந்த ஊரில் அடிக்கிறது?



ஆண்டு மலரில் எழுதுங்கள் என்று யூனியன் செயலாளர் சொன்னபோது, எல்லோரும் போல நானும் நட்பைப் பற்றியோ, விடுதிச் சாம்பாரைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் மனசுக்குள் ரெண்டு வருஷமாக ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைக் கொட்டிவிடுகிறேன். 273 என்ற எண்ணைப் பற்றிய குறை அது. "ஐயோ, மலர்லயும் பிசிக்ஸா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு இந்த எண்ணால் மார்க் போயிருக்கும். எனக்கு ஒரு அரியரே போயிருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. நம் புத்தகங்களில் வாயு விதிக் கணக்குகளைப் புரட்டிப் பாருங்கள். "27 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு வாயு, மாறாத அழுத்தத்தில் 127 டிகிரிக்குச் சூடேற்றப்படுகிறது. கன அளவு என்ன?" அடுத்த கணக்கில் 227. அதற்கடுத்ததில் 327. எல்லாம் ஏழில் முடிகிற எண்கள்! நம்ம திருவாரூரில் மார்கழி ராத்திரியில் 27 டிகிரிக்குக் கீழே இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். 127 டிகிரி எந்த ஊரில் அடிக்கிறது?

காரணம் உங்களுக்கே தெரியும். 27-உடன் 273-ஐக் கூட்டினால் 300. 127 என்றால் 400. 227 என்றால் 500. அப்புறம் 400-ஐ 300-ஆல் வகுத்தால் நாலுக்கு மூணு. கணக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். போட்டவருக்கும் சுலபம், திருத்துபவருக்கும் சுலபம். நமக்கு என்ன ஆகிறது? 27-ஐப் பார்த்தவுடன் கை தானாக 300 என்று எழுதுகிறது. ஏன் கூட்டுகிறோம், எப்போது கூட்டக் கூடாது என்று ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. 273 என்பது பூஜைக்கு முன் போடுகிற பிள்ளையார் சுழி மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கணக்கென்றாலும் முதலில் போட்டுவிடுவது!

நான் அப்படித்தான் போட்டேன். முதலாண்டு தேர்வு. 2 கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்று கேட்டிருந்தார்கள். சூத்திரம் தெரியும்:

Q = m c (t2 − t1)

வித்தியாசம் 50. உடனே கை அரித்தது. வெப்பநிலை என்றால் கெல்வின்தானே? 50-உடன் 273-ஐக் கூட்டி 323 என்று போட்டேன். 2 × 4.187 × 323. விடை 2705 கிலோ ஜூல். இரட்டைக் கோடு போட்டு, பெட்டி கட்டி, பெருமையாக வெளியே வந்தேன். சரியான விடை 2 × 4.187 × 50, அதாவது 418.7 கிலோ ஜூல்தான். ஆறு மடங்குக்கு மேல் தப்பு. அந்தத் தாளில் இதே தப்பை இன்னும் ரெண்டு இடத்தில் செய்திருந்தேன். அரியர் வந்தது. அந்த ஒரு அரியரால் பின்னால் வந்த ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து அந்த 2705-ஐ யோசித்தேன். 2 கிலோ தண்ணீரை 30-லிருந்து கொதிநிலை 100 வரை கொண்டுபோக 2 × 4.187 × 70, சுமார் 586 கிலோ ஜூல் போதும். என் விடையில் இன்னும் 2119 மிச்சம் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீர் ஒரு கிலோ ஆவியாக சுமார் 2257 கிலோ ஜூல் வேண்டும். ஆக, நான் கொடுத்த வெப்பத்தை உண்மையிலேயே அந்தப் பாய்லரில் கொடுத்திருந்தால், 80 டிகிரிக்கு வர வேண்டிய தண்ணீர் கொதித்து, ரெண்டு லிட்டரில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆவியாகக் காற்றோடு போயிருக்கும். மாஸ்டர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா? இந்த ஒரு பரிசோதனையை தேர்வு அறையில் செய்திருந்தால் பிழைத்திருப்பேன்.

தப்பு எங்கே? 30 டிகிரி என்பது ஒரு இடம். 50 டிகிரி வித்தியாசம் என்பது ஒரு தூரம். திருவாரூரிலிருந்து மன்னார்குடி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால், மைல்கல்லைச் சென்னையிலிருந்து எண்ணினாலும், திருச்சியிலிருந்து எண்ணினாலும் தூரம் மாறப் போவதில்லை. கெல்வினில் பார்த்தாலும் 353-லிருந்து 303-ஐக் கழித்தால் அதே 50தான். ஒரு கெல்வினின் அளவும் ஒரு செல்சியஸ் டிகிரியின் அளவும் ஒன்றே. எண்ணத் தொடங்குகிற இடம்தான் வேறு. ஆகவே கழித்தல் வருகிற கணக்கில் எதில் போட்டாலும் ஒன்றுதான். கழித்து முடித்த பிறகு 273-ஐக் கூட்டுவதுதான் பாவம்.

வகுத்தல் வந்தால் கதையே வேறு. அங்கே தொடங்குகிற இடம்தான் எல்லாம்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்த விரிவுரையும் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிற பஞ்சர் கடை அண்ணன். சித்திரை வெயிலில் மாமாவின் பைக்கை ரோட்டில் நிறுத்தியிருந்தேன். "தம்பி, வண்டிய நெழல்ல போடு. வெயில்ல காத்து ஏறி டயரு வெடிச்சிரும்" என்றார்.

நான் பந்தாவாக, "வெடிக்காதுண்ணே. கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன்.

"போடு பாப்போம்."

காலையில் பங்க்கில் காற்று பிடித்தபோது 28 டிகிரி. கேஜ் காட்டியது 30 பி.எஸ்.ஐ. மத்தியானம் தார் ரோட்டுச் சூட்டில் டயருக்குள் காற்று 58 டிகிரி என்று வைத்துக்கொண்டேன். அவசரத்தில் செல்சியஸிலேயே போட்டேன்: 58-ஐ 28-ஆல் வகுத்தால் ரெண்டுக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் அழுத்தம் 62 பி.எஸ்.ஐ! அண்ணன் சொன்னது சரியாகிவிடும் போலிருக்கிறதே! ஆனால் அப்படி ஏறினால் தமிழ்நாட்டில் மத்தியானத்தில் ஒரு வண்டியும் ஓடாது. எங்கோ இடிக்கிறது.

செல்சியஸில் பூஜ்யம் என்பது பனிக்கட்டி உருகுகிற வெப்பம். பனிக்கட்டிக்கும் நம் டயர் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? பூஜ்யம் டிகிரியில் காற்றின் அழுத்தம் பூஜ்யமாகிவிடுகிறதா? இல்லை. அழுத்தம் பூஜ்யமாக வேண்டுமானால் எங்கே போக வேண்டுமோ, அங்கேயிருந்து எண்ணினால்தான் "இத்தனை மடங்கு" என்று சொல்ல முடியும். அந்த இடம் செல்சியஸ் கணக்கில் −273.15. அதைத்தான் தனிச்சுழி என்கிறோம். அங்கிருந்து எண்ணினால் 28 டிகிரி 301 கெல்வின். 58 டிகிரி 331 கெல்வின். 331-ஐ 301-ஆல் வகுத்தால் 1.10. பத்து சதவீதம்தான் ஏற்றம். 30 பி.எஸ்.ஐ 33 ஆகும்.

"33 தான்ணே வரும்" என்றேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டே கேஜை எடுத்துவந்து வால்வில் வைத்தார். முள் 34-ஐத் தாண்டி நின்றது. "என்ன தம்பி, ஒங்க கணக்கு காத்துல போயிருச்சா?"

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில்தான் மண்டையில் உறைத்தது. வெப்பநிலையின் பூஜ்யத்தை மட்டும் திருத்தினேன். கேஜின் பூஜ்யத்தை மறந்துவிட்டேன்! பஞ்சரான டயரில் கேஜ் பூஜ்யம் காட்டும். ஆனால் அதற்குள் காற்றே இல்லையா? வெளியே இருக்கிற அதே காற்று, 14.7 பி.எஸ்.ஐ அழுத்தத்தில், உள்ளேயும் இருக்கிறது. கேஜ் சொல்வது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். ஆக உண்மையான அழுத்தம் 30-உடன் 14.7-ஐக் கூட்டி 44.7. அதை 331-ஆல் பெருக்கி 301-ஆல் வகுத்தால் 49.2. அதிலிருந்து மறுபடி 14.7-ஐக் கழித்தால் கேஜில் தெரிய வேண்டியது 34.5. முள் நின்ற இடம்! (டயரும் கொஞ்சம் விரியும், அதனால் உண்மையில் ஒரு முடி குறையும்.)

ஒரே டயர், மூணு விடை. 62, 33, 34.5. முதலாவதில் ரெண்டு பூஜ்யமும் தப்பு, ரெண்டாவதில் ஒன்று தப்பு. 62-ஐப் பார்த்தாலே தப்பென்று தெரிந்துவிடும். 33 அப்படியில்லை, சரி மாதிரியே உட்கார்ந்திருக்கும். என் அபிப்பிராயத்தில் ரெண்டாவது தப்புதான் ஆபத்தானது. நாளைக்கு நாம் ஒரு கம்ப்ரசரையோ பாய்லரையோ பார்க்கப் போகிறவர்கள். அங்கே மாட்டியிருப்பதெல்லாம் கேஜ்தான்.

டயர் வெடிப்பது பற்றி அண்ணனிடம் மறுபடி போய்க் கேட்டேன். "நாலு அஞ்சு ஏறினதுக்கு நல்ல டயரு வெடிக்குமா தம்பி? ஏற்கெனவே வெடிப்பு விட்டிருக்கணும், இல்லாட்டி காத்த மேல மேல அடிச்சிருக்கணும்" என்றார். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம்!

சரி, அந்த −273 எங்கிருந்து வந்தது? அவ்வளவு குளிருக்கு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களா? இல்லை. யாரும் போனதில்லை, போகவும் முடியாது. ஒரு டிகிரியின் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவான தூரம் வரை நெருங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1700-களின் தொடக்கத்திலேயே பிரான்சில் கியோம் அமோந்தோன் என்பவர், காற்று குளிரக் குளிர அதன் அழுத்தம் ஒரே சீராகக் குறைவதைக் கவனித்தார். இப்படியே குறைந்தால் ஒரு இடத்தில் அழுத்தமே இல்லாமல் போக வேண்டுமே என்று யோசித்தார். 1848-ல் வில்லியம் தாம்சன், எந்தப் பொருளையும் சாராத ஒரு வெப்பநிலை அளவுகோல் வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அவரே பின்னால் 1892-ல் கெல்வின் பிரபு ஆனார். அந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் வேலை பார்த்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடுகிற கெல்வின் என்ற ஆற்றிலிருந்து! ஓடம்போக்கி ஆற்றங்கரையில் ஒருவர் கண்டுபிடித்திருந்தால் நாம் இன்றைக்கு "300 ஓடம்போக்கி" என்று எழுதிக்கொண்டிருப்போம்.

அந்த −273-ஐ நம் லேபிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று நாங்கள் மூணு பேர் இறங்கினோம். ஒரு பக்கம் மூடிய நுண்குழாய். உள்ளே கொஞ்சம் காற்று. மேலே ஒரு சொட்டுத் திரவம் மூடி மாதிரி. குழாயை அளவுகோலோடு கட்டி, வாய் மேலே இருக்கும்படி தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, மெல்லச் சூடாக்க வேண்டும். காற்று விரிய விரியச் சொட்டு மேலே ஏறும். காற்றுத்தூணின் நீளத்தையும் வெப்பநிலையையும் வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு. கோட்டை இடது பக்கம் நீட்டிக்கொண்டே போனால் நீளம் பூஜ்யமாகிற இடம்தான் தனிச்சுழி.

நாங்கள் மூடியாகப் போட்டது சிவப்பு மை கலந்த தண்ணீர். 30 டிகிரியில் நீளம் 10.0 சென்டிமீட்டர். 60 டிகிரியில் 13.1! 30 டிகிரிக்கு 3.1 சென்டிமீட்டர், அதாவது டிகிரிக்கு 0.103. பத்து சென்டிமீட்டரும் மறைய 97 டிகிரி இறங்க வேண்டும். 30-லிருந்து 97 இறங்கினால் −67. தனிச்சுழி −67 டிகிரி என்று எழுதி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அண்டார்டிகாவில் வோஸ்டாக் நிலையத்தில் 1983-ல் −89.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. எங்கள் கணக்குப்படி பார்த்தால் அங்கே கம்பளி போட்டுக்கொண்டு நின்ற ரஷ்யர்கள் தனிச்சுழிக்குக் கீழே 22 டிகிரியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்!

லேப் அண்ணன் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, "தண்ணிய வச்சா காத்தையாடா அளக்குறீங்க? ஆவியயும் சேத்துல்ல அளக்குறீங்க" என்றார். உண்மைதான். 60 டிகிரியில் தண்ணீர் ஆவியின் அழுத்தமே வெளிக்காற்று அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும். காற்று விரிந்தது பாதிகூட இல்லை. புதிதாக வந்து சேர்ந்த ஆவிதான் சொட்டைத் தூக்கியிருக்கிறது. சார்லஸ் விதி, அதே அளவு வாயு உள்ளே இருக்கும் வரைக்கும்தான் பொருந்தும். அந்தக் காலத்திலிருந்தே இந்தச் சோதனைக்கு அடர் சல்பியூரிக் அமிலத்தின் ஒரு சொட்டை வைப்பார்கள் என்றார். மூடியாகவும் இருக்கும், உள்ளே இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். குழாயைக் கால்சியம் குளோரைடு வைத்து உலர்த்தி, அமிலச் சொட்டை அவரே போட்டுக் கொடுத்தார். எங்கள் கையில் அமிலப் புட்டியைக் கொடுக்க மாட்டார், நல்ல மனிதர்.

இந்தத் தடவை 30 டிகிரியில் 10.0. 60 டிகிரியில் 11.0. ஒரு சென்டிமீட்டர்தான் ஏற்றம். டிகிரிக்கு முப்பதில் ஒரு பங்கு. பத்து சென்டிமீட்டருக்கு 300 டிகிரி. 30-லிருந்து 300 இறங்கினால் −270. சத்தமாகவே கத்திவிட்டோம்.

கத்தியது கொஞ்சம் அதிகம்தான். அந்த 11.0-ஐ 11.05 என்று படித்திருந்தால், அதாவது அரை மில்லிமீட்டர் கண் தவறியிருந்தால், விடை −256 ஆகியிருக்கும். 30 டிகிரி தூரத்தில் அளந்துவிட்டு 300 டிகிரி தள்ளி இருக்கிற இடத்தைச் சொல்கிறோம் அல்லவா? வீட்டு வாசலில் நூல் பிடித்து ஊர்க் கோடியில் குறி வைக்கிற மாதிரி. வாசலில் ஒரு முடி அசைந்தால் அங்கே ஒரு முழம் நகரும். அதனால்தான் 273-ஆ, 273.15-ஆ என்று வகுப்பில் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 300-ல் 0.15 என்பது ரெண்டாயிரத்தில் ஒரு பங்கு. நம் லேப் தெர்மாமீட்டர் ஒரு டிகிரி சொல்வதே பெரிய விஷயம். ஆனால் ஒன்று: 273.16 என்று புத்தகத்தில் எங்கேயாவது பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அது தண்ணீரின் மும்மைப் புள்ளி, செல்சியஸில் 0.01 டிகிரி. 1954-லிருந்து 2019 வரை அந்தப் புள்ளியை வைத்துத்தான் கெல்வினை வரையறுத்திருந்தார்கள். 2019 மே 20 முதல் போல்ட்ஸ்மன் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். நம் விடைத்தாளில் இதனால் ஒன்றும் மாறாது. இன்னொன்று, "டிகிரி கெல்வின்" என்று எழுதாதீர்கள். 1967-லேயே அந்த டிகிரியை எடுத்துவிட்டார்கள், வெறும் கெல்வின்தான்.

நேர்கோட்டை நீட்டுகிறோமே, காற்று உண்மையிலேயே அந்தக் கோட்டில் கடைசி வரை போகுமா? போகாது. இதற்குச் சாட்சி நம் கிராமங்களிலேயே இருக்கிறது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கொண்டுவருகிற கேனைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வரும். உள்ளே திரவ நைட்ரஜன், −196 டிகிரி. கெல்வினில் 77. வாயுவாக இருக்க வேண்டிய நைட்ரஜனே அங்கே தண்ணீர் மாதிரி கிடக்கிறது! ஊதிய பலூனை அதில் அமுக்கினால் நம் சூத்திரம் 303-க்கு 77, அதாவது கால் பங்காகச் சுருங்கும் என்று சொல்லும். உண்மையில் அதைவிட அதிகமாக, சுருங்கிய தோலாகவே போய்விடும். உள்ளே இருக்கிற காற்றில் கொஞ்சம் திரவமாகிவிடும் அல்லவா? சூத்திரம் வாயுவுக்குத்தான், வாயு வாயுவாக இருக்கிற வரைக்கும்தான்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். நம் மாவட்டத்திலேயே, கமலாபுரம், அடியக்கமங்கலம் பக்கம் ஓ.என்.ஜி.சி. கிணறுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கோவில்களப்பாலில் எரிவாயு மின்நிலையமே கட்டினார்கள். டெல்டாவில் கிணறு வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய விவாதம். 2020-ல் வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. அந்த விவாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. நான் கேட்பது, அந்த வாயுவை எப்படி அளந்து விற்கிறார்கள் என்று நமக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

அரிசியை மரக்காலில் அளப்பது மாதிரி வாயுவை அளக்க முடியாது. மத்தியானம் அளந்த ஒரு கன மீட்டரும் விடிகாலையில் அளந்த ஒரு கன மீட்டரும் ஒன்றல்ல. அதனால் எல்லாவற்றையும் 15 டிகிரி வெப்பநிலை, சாதாரண வளிமண்டல அழுத்தம் என்ற நிலைக்கு மாற்றி, "ஸ்டாண்டர்டு கன மீட்டர்" என்று கணக்கிடுகிறார்கள். 15 டிகிரி என்றால் 288 கெல்வின். மீட்டர் வழியாக 1000 கன மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் வளிமண்டல அளவே என்றும் சுலபத்துக்கு வைத்துக்கொள்வோம். மத்தியானம் 40 டிகிரி, 313 கெல்வின். 1000-ஐ 288-ஆல் பெருக்கி 313-ஆல் வகுத்தால் 920. விடிகாலையில் 25 டிகிரி, 298 கெல்வின். விடை 966. அதே மீட்டர், அதே 1000. வித்தியாசம் 46 கன மீட்டர். பணம்! செல்சியஸிலேயே வகுத்தால் மத்தியானக் கணக்கு 15-க்கு 40, அதாவது 375 என்று வரும். விற்றவர் தலையில் துண்டுதான். நிஜக் குழாயில் அழுத்தம் பல மடங்கு இருக்கும். அங்கே கேஜ் அளவோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், பஞ்சர் கடையில் நான் மறந்த அதே கூட்டல். அவ்வளவு அழுத்தத்தில் வாயு நம் எளிய விதியிலிருந்து கொஞ்சம் விலகும், அதற்கு ஒரு திருத்த எண்ணும் உண்டு. இதையெல்லாம் அங்கே கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது நாம் மனப்பாடம் செய்கிற அதே வரிதான்.

இப்படி ஒரு கணக்கைத் தேர்வில் ஏன் கேட்கக் கூடாது? 127-க்குப் பதிலாக 36.4 என்று கொடுக்கட்டுமே! 309.6 என்று வந்தால் கால்குலேட்டரைத் தட்டிக்கொள்கிறோம். "எண் அழகாக வராதே" என்பார்கள். வராவிட்டால் என்ன? அழகாக வந்த எண்ணை நம்பித்தான் நாம் ஏமாந்தோம். கூடவே "இந்தக் கணக்கில் கெல்வினுக்கு மாற்ற வேண்டுமா, ஏன்?" என்று ஒரு மார்க்குக்குக் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி எனக்கு வந்திருந்தால் 2705-ஐ எழுதியிருக்க மாட்டேன்.

சார்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர், "பாஸ் பர்சன்டேஜ் குறைஞ்சிடும்பா" என்றார். அவர் கவலை அவருக்கு. அதிலும் நியாயம் இருக்கிறது. முதலாண்டில் தமிழ் வழியில் வந்து ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிற தம்பிகளுக்கு எண்ணாவது சுலபமாக இருக்கட்டுமே என்று அவர் நினைக்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் தமிழ் வழியில் வந்தவன்தான். எனக்குக் கஷ்டமாக இருந்தது 309.6 இல்லை, 300 ஏன் வருகிறது என்று யாரும் சொல்லாததுதான்.

காய்ச்சல்கார வீட்டில் தெர்மாமீட்டர் 102 ஃபாரன்ஹீட் காட்டினால் வீடே பதறுகிறது. 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் 38.9 செல்சியஸ். கெல்வினில் 312. நல்ல உடம்பு 310. தனிச்சுழியிலிருந்து பார்த்தால் காய்ச்சல் என்பது ஒரு சதவீதம்கூட இல்லை! அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு கெல்வினோ ரெண்டு படியோ, கஷாயத்தக் குடி" என்றார்.

அந்த அமிலச் சொட்டுக் குழாய் இப்போது பிசிக்ஸ் லேபில் ஜன்னல் பக்க அலமாரியில், மேலிருந்து ரெண்டாவது தட்டில் இருக்கிறது. −270 எங்களுடையது. முதலாண்டுத் தம்பிகள் யாராவது 30 முதல் 60 வரை ஐந்தைந்து டிகிரிக்கு ஒருமுறை நீளத்தைப் படித்து, ஏழு புள்ளிகளுக்கும் நடுவாகக் கோடு போட்டுப் பாருங்கள். நாங்கள் ரெண்டே புள்ளிதான் எடுத்தோம். லேப் அண்ணனிடம் கேட்டால் எடுத்துத் தருவார். சொட்டை மட்டும் அவரையே போடச் சொல்லுங்கள்.